இல்லாத வரியைத் தேடும் இருவர்

2011 டிசம்பர் 31, கிரீன்விச் நேரப்படி இரவு 10 மணி 59 நிமிடம். ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் புதிய வசதி ஒன்று சேர்க்கப்பட்டது. இணையத்தில் வங்கிப் பக்கத்தைத் திறக்கும்போது முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால், உலகின் ஏராளமான சர்வர்களில் வேலை செய்வது இந்த மென்பொருள்தான். அதைக் கட்டிக் காத்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. அன்று சேர்ந்த வசதியை ஒருவர் எழுதினார், இன்னொருவர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். அந்த மாற்றத்துடன் பதிவான விளக்கம் ஒரே ஒரு வரி:

```
Support for TLS/DTLS heartbeats.
```

அந்த வசதி செய்யும் வேலை எளிமையானது. இணைப்பில் இருக்கும் கணினி, சர்வருக்குச் சிறு செய்தி ஒன்றையும் அது எத்தனை எழுத்து என்ற எண்ணையும் அனுப்பும். சர்வர் அதே செய்தியைத் திருப்பி அனுப்பும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இது போதும். ஆனால் அனுப்புகிறவர் பொய் சொன்னால்? ஒரே ஒரு எழுத்தை அனுப்பிவிட்டு "இது 65,000 எழுத்து" என்றால்? சர்வர் அந்த எண்ணை அப்படியே நம்பியது. வந்த செய்தி தீர்ந்த பிறகும் தன் நினைவகத்தில் அடுத்தடுத்து இருந்ததையெல்லாம் சேர்த்து, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை வாரிக் கொடுத்தது. அதில் கடவுச்சொற்கள் இருக்கலாம், ரகசியச் சாவிகள்கூட இருக்கலாம். ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற இந்தப் பிழை 2012 மார்ச்சில் வெளியீட்டோடு பரவி, 2014 ஏப்ரல் 7 அன்றுதான் திருத்தப்பட்டது. அதற்கடுத்த சில நாட்களிலேயே கனடாவின் வரித் துறை சர்வர்களிலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடுபோயின.

திருத்தத்தின் சாரம் இதுதான்:

```c
if (1 + 2 + payload + 16 > s->s3->rrec.length)
    return 0;
```

"நீ சொல்லும் நீளம், உண்மையில் வந்து சேர்ந்ததைவிட அதிகமா? அப்படியானால் பதில் கிடையாது." தேவைப்பட்டது இவ்வளவுதான். இந்த வசதிக்கான பொது விதிமுறையிலேயே, நீளம் பொருந்தாத செய்தியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது.

மென்பொருள் எழுதும் சிறு குழுக்கள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இங்கே ரிவ்யூ நடக்காமல் போகவில்லை, நடந்தது. எழுதியவர், பார்த்தவர் இருவருமே துறையறிந்தவர்கள். ஆனாலும் இருவர் கண்ணிலும் படாமல் போனது, எழுதப்படாத ஒரு வரி. கோட் ரிவ்யூ செய்யும் திரையில் சேர்த்த வரி பச்சையாகவும் நீக்கிய வரி சிவப்பாகவும் தெரியும். இருந்திருக்க வேண்டிய வரிக்கு நிறம் கிடையாது. பச்சை வரிகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படிக்கிறவருக்கு எல்லாம் சரியாகத்தான் தோன்றும்.

இரண்டே பேர் கொண்ட குழுவில் இது இன்னும் கூர்மையான சிக்கல். ஐபிஎம் நிறுவனத்தில் மைக்கேல் ஃபேகன் 1976-ல் வகுத்துக் கொடுத்த ஆய்வு முறையில் நான்கு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பொறுப்போடு, அச்சிட்ட நிரலை வரி வரியாகப் படித்தார்கள். இருவர் குழுவுக்கு அந்த வசதி இல்லை. ஒருவர் எழுதினால் பார்க்க இன்னொருவர்தான் இருக்கிறார். அவருக்கும் முடிக்க வேண்டிய சொந்த வேலை காத்திருக்கிறது.

ஆனால் பார்ப்பவர் ஒருவர் மட்டுமே என்பது குறையல்ல. கூகுள் நிறுவனத்தின் ரிவ்யூ பழக்கங்களைப் பற்றி 2018-ல் வெளியான ஆய்வில், அங்கும் முக்கால்வாசிக்கு மேற்பட்ட மாற்றங்களைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான் என்று தெரியவந்தது. அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. ஒரு மாற்றத்தின் நடுத்தர அளவு 24 வரி. ரிவ்யூ முழுவதும் முடிய ஆகும் நடுத்தர நேரம் நான்கு மணிக்கும் குறைவு. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்திலேயே ஒருவர் பார்த்தால் போதும் என்று ஆகியிருப்பதற்கு இந்த இரண்டு எண்களும்தான் அடிப்படை. மாற்றம் சிறியது, அதனால் பதில் சீக்கிரம் வருகிறது. பதில் சீக்கிரம் வருவதால் அடுத்த மாற்றத்தையும் சிறியதாகவே அனுப்பத் தோன்றுகிறது.

இது எதிர்த்திசையிலும் சுழலும். பதில் வர மூன்று நாள் ஆகும் என்று தெரிந்தால், எழுதுகிறவர் மூன்று நாள் வேலையை மொத்தமாகக் கட்டி அனுப்புவார். 1,200 வரியைப் பார்த்ததும் எதிரில் இருப்பவருக்கு மலைப்பு வரும், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார். கடைசியில் அவசரத்தில் மேலோட்டமாக ஓட்டிவிட்டு `LGTM` என்று நான்கு எழுத்தைப் போட்டு முடிப்பார். வேகமும் போனது, பிழையும் பிடிபடவில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் சுமார் 2,500 ரிவ்யூக்களை அலசி 2006-ல் வெளிவந்த ஆய்வு, ஒரே அமர்வில் 200 முதல் 400 வரிகளுக்கு மேல் போனால் பிழை கண்டுபிடிக்கும் திறன் இறங்குகிறது என்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

"வேலையே பெரியது, எப்படிச் சிறிதாக்குவது?" என்ற கேள்விக்கு நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் பதில், நிரலை ஒழுங்குபடுத்துவதையும் அதன் நடத்தையை மாற்றுவதையும் தனித்தனியாக அனுப்புவது. ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, அதை வேறு கோப்புக்கு நகர்த்தி, கூடவே அதற்குள் ஒரு நிபந்தனையையும் மாற்றினால், பார்ப்பவர் கண்ணுக்கு முன்னூறு பச்சை வரிகள் தெரியும். அவற்றில் உண்மையில் புதியது ஒன்றே ஒன்று. முதலில் பெயர் மாற்றமும் நகர்த்தலும் மட்டும் போகட்டும். அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், ஏனென்றால் எதுவும் மாறியிருக்கக் கூடாது என்பது முன்பே தெரியும். அடுத்து வரும் மாற்றத்தில் அந்த ஒற்றை நிபந்தனை தனியாக, தப்பிக்க முடியாதபடி நிற்கும்.

இனி ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்க்கலாம். இருவர் சேர்ந்து ஒரு விற்பனைச் செயலியை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பணம் கட்டியதும், பேமென்ட் கேட்வே சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும். அது வந்ததும் ஆர்டரை "பணம் வந்தது" என்று குறித்து, வாடிக்கையாளரின் வாலட்டில் தொகையை வரவு வைக்க வேண்டும். ஒருவர் இப்படி எழுதுகிறார்:

```python
def on_payment(event):
    order = Order.objects.get(id=event["order_id"])
    if order.status != "paid":
        order.status = "paid"
        order.save()
        credit_wallet(order.user, order.amount)
```

படித்தால் குறை தெரியாது. கேட்வேக்கள் ஒரே செய்தியை இரண்டு தடவை அனுப்புவதுண்டு. ஸ்ட்ரைப், ரேசர்பே போன்றவை தங்கள் ஆவணங்களிலேயே இதைச் சொல்லி எச்சரிக்கின்றன. எழுதியவருக்கும் அது தெரியும், அதனால்தான் `if` போட்டிருக்கிறார். ஃபங்ஷனை அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்து, வாலட்டில் ஒரே வரவுதான் இருக்கிறது என்று சோதிக்கும் டெஸ்டும் எழுதியிருக்கிறார். டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது.

நல்ல பழக்கம் உள்ள பார்வையாளர் இங்கே முதலில் திறப்பது டெஸ்ட் கோப்பை. எழுதியவர் எந்தெந்தச் சூழ்நிலைகளை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பது அதில் பட்டியலாகவே கிடைக்கும். எதை நினைக்கவில்லை என்பதும் அங்கேதான் முதலில் புலப்படும். "அடுத்தடுத்து" இரண்டு அழைப்புகளுக்கு டெஸ்ட் இருக்கிறது. "ஒரே நேரத்தில்" இரண்டு அழைப்புகளுக்கு இல்லை. உடனே எழ வேண்டிய கேள்வி: நிஜத்தில் அப்படி நடக்குமா? தாராளமாக நடக்கும். பல செயலிகளில், வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டு "நன்றி" பக்கத்துக்குத் திரும்பும்போது பிரவுசர் வழியாகவும் இதே ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது. கேட்வே அனுப்பும் செய்தியும் அதே நொடியில் வந்து சேரலாம். இரண்டும் ஆர்டரைப் படிக்கின்றன. இரண்டுக்கும் அது இன்னும் பணம் வராத ஆர்டராகவே தெரிகிறது. இரண்டும் `if` தாண்டி உள்ளே போகின்றன. வாடிக்கையாளருக்கு இரட்டை வரவு.

பார்த்தவர் எழுத வேண்டிய குறிப்பும் முக்கியம். "இது தப்பு, லாக் போடுங்க" என்பதைவிட, "நன்றி பக்கமும் கேட்வே மெசேஜும் ஒரே செகண்ட்ல வந்தா, ரெண்டுமே 3-வது வரியைத் தாண்டிடாதா?" என்று ஒரு குறிப்பிட்ட நிகழ்வை எடுத்து வைத்தால், எழுதியவர் அதை மனதில் ஓட்டிப் பார்த்து ஒரு நிமிடத்தில் ஒப்புக்கொள்வார். பார்ப்பவரின் சந்தேகம் தவறாக இருந்தாலும் அதே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இருவர் மட்டும் உள்ள இடத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. மூன்றாவதாகத் தீர்ப்புச் சொல்ல ஆளில்லாத இடத்தில், கருத்துக்கு எதிராகக் கருத்து வைத்தால் பேச்சு இழுபடும். நிகழ்வை வைத்தால், அது நடக்குமா நடக்காதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

திருத்தி வந்த வடிவம்:

```python
with transaction.atomic():
    changed = Order.objects.filter(
        id=event["order_id"], status="pending"
    ).update(status="paid")
    if changed == 1:
        order = Order.objects.get(id=event["order_id"])
        credit_wallet(order.user, order.amount)
```

படிப்பதும் மாற்றுவதும் தனித்தனியாக இருந்தது இப்போது ஒரே கட்டளையாகிவிட்டது. "இன்னும் காத்திருப்பில் இருந்தால் மட்டும் மாற்று, எத்தனை வரிசையை மாற்றினாய் என்று சொல்." இரண்டு அழைப்புகள் ஒன்றாக வந்தால் டேட்டாபேஸ் ஒன்றை நிறுத்திவைக்கும். அதன் முறை வரும்போது நிலை மாறிப்போயிருக்கும், பதில் பூஜ்யமாக வரும், வரவு நடக்காது. முதல் வரியில் உள்ள `transaction.atomic()` இரண்டாவது கேள்விக்கான பதில்: "நிலையை மாற்றிவிட்டு, வரவு வைக்கும் முன் சர்வர் நின்றுபோனால்?" அது இல்லாவிட்டால் ஆர்டர் பணம் வந்ததாகக் காட்டும், வாலட்டில் பணம் இருக்காது. கேட்வே மறுபடி செய்தி அனுப்பினாலும் பயன் இல்லை. அது இருந்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது. ஆனால் வாலட் கணக்கு அதே டேட்டாபேஸில் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு செல்லும். அது வேறொரு சர்வரில் இருந்தால் வேறு வழி தேட வேண்டும்.

இங்கே கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள்: இரண்டும் ஒன்றாக வந்தால்? பாதியில் நின்றால்? ஹார்ட்பிளீட் விஷயத்தில் உதவியிருக்கக்கூடிய கேள்வியையும் சேர்த்தால் மூன்று: இந்த மதிப்பைக் கொடுத்தது யார், அவர் பொய் சொன்னால் என்ன ஆகும்? இல்லாத வரியைத் தேட இப்படிக் கையில் கேள்வியோடு போவதைத் தவிர நம்பகமான வழி இல்லை. வெறுமனே கவனமாகப் படிப்பது இருக்கும் வரிகளிலேயே கண்ணை நிறுத்திவிடும்.

எழுதுகிறவரின் பங்கு, மாற்றத்தை அனுப்பும் முன்பே தொடங்குகிறது. என்ன மாறுகிறது, ஏன், எப்படிச் சோதிக்கப்பட்டது என்று நான்கைந்து வரி எழுதுவது பல இடங்களிலும் உள்ள வழக்கம். அதோடு சேர வேண்டிய வரி, எங்கே உறுதியில்லை என்பது. "ரீஃபண்ட் வரும்போதும் இதே ஃபங்ஷன் அழைக்கப்படுமா என்று தெரியவில்லை, அதை மட்டும் நன்றாகப் பாருங்கள்" என்று எழுதியிருந்தால், பார்ப்பவரின் அரை மணி நேரம் நேராக அந்த இடத்துக்குப் போகும். அந்த வரியை எழுத உட்காரும்போதே பாதி நேரம் எழுதுகிறவர் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்துவிடுவார். தன் மாற்றத்தைத் தானே ரிவ்யூ திரையில் ஒருமுறை படித்துவிட்டு அனுப்புவதும் அப்படித்தான். எழுதிய எடிட்டரில் கண்ணுக்குப் படாத மிச்சமான பிரிண்ட் வரியும், மறந்துபோன சோதனைக் கடவுச்சொல்லும் அங்கே பளிச்சென்று தெரியும்.

மனிதர் பார்க்கவே தேவையில்லாத விஷயங்களும் உண்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய ஒரு பிழையில், பாதுகாப்புச் சான்றைச் சரிபார்க்கும் பகுதியில் `goto fail;` என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது.

```c
if ((err = SSLHashSHA1.update(&hashCtx, &signedParams)) != 0)
    goto fail;
    goto fail;
```

இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாது. அதற்குக் கீழே இருந்த சரிபார்ப்பு ஒருபோதும் ஓடாது. உள்தள்ளல் சரியாக இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும். ஆனால் கம்பைலர் ஏமாறாது. எட்ட முடியாத வரிகளைக் காட்டும் எச்சரிக்கையை இயக்கியிருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும். 2016-ல் வந்த ஜிசிசி 6, இப்படி ஏமாற்றும் உள்தள்ளலுக்கென்றே `-Wmisleading-indentation` என்ற எச்சரிக்கையைச் சேர்த்து, வழக்கமான `-Wall` தொகுப்புக்குள்ளும் வைத்தது. இருவர் குழு முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது, ஃபார்மட்டரையும் எச்சரிக்கைகளையும் டெஸ்டுகளையும் தானாக ஓட விட்டு, அவை பச்சை காட்டிய பிறகே மாற்றம் மற்றவரிடம் போகும்படி செய்வது. காற்புள்ளி எங்கே, இடைவெளி எத்தனை என்ற குறிப்புகள் ரிவ்யூவில் வந்துகொண்டே இருந்தால், மனிதரின் கவனம் இயந்திரத்தின் வேலையில் செலவாகிறது என்று அர்த்தம்.

வேகத்தைக் காப்பாற்றும் பழக்கங்களில் முதலாவது நேரம் பற்றியது. அனுப்பியவுடன் பார்க்க வேண்டும் என்றால் மற்றவரின் வேலை அறுபட்டுக்கொண்டே இருக்கும். காலையில் வேலையைத் தொடங்கும் முன் ஒருமுறை, சாப்பிட்டு வந்து உட்காரும்போது ஒருமுறை என்று இருவரும் ஒப்புக்கொண்டால் போதும். அந்த நேரங்களில் எப்படியும் மனம் வேறொரு வேலைக்குள் ஆழ்ந்திருக்காது. எந்த மாற்றமும் அரை நாளுக்கு மேல் காத்திருக்காது. இடைப்பட்ட நேரத்தில் எழுதியவர் அடுத்த சிறு துண்டைத் தொடரலாம்.

இரண்டாவது, குறிப்புகளுக்கு எடை சொல்வது. இதைச் சரிசெய்யாமல் மெர்ஜ் செய்யக் கூடாதா, அல்லது பிடித்தால் மாற்றிக்கொள்ளலாமா என்பதைக் குறிப்பின் முதல் சொல்லிலேயே காட்ட வேண்டும். பலர் சிறு விஷயங்களுக்கு `nit:` என்று போடுகிறார்கள். கட்டாயத் திருத்தம் எதுவும் இல்லையென்றால் உடனே ஒப்புதல் கொடுத்துவிட்டு, மற்றதை எழுதியவரிடம் விட்டுவிடலாம். அதற்காக இன்னொரு சுற்று தேவையில்லை. ஒரே விஷயத்தில் இரண்டு சுற்று பதிலுக்குப் பதில் ஓடிவிட்டால், தட்டச்சை நிறுத்திவிட்டு போன் போட வேண்டும். பேசி எடுத்த முடிவை ஒரு வரியில் அங்கேயே எழுதி வைத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து வருகிறவருக்கும் காரணம் கிடைக்கும்.

மூன்றாவது, இருவர் குழுவுக்கே உரிய சிக்கல்: ஒருவர் விடுப்பில் போனால்? கிட்ஹப்பில் தன் மாற்றத்துக்குத் தானே ஒப்புதல் கொடுக்க முடியாது. ஒப்புதல் கட்டாயம் என்ற பூட்டைப் போட்டுவிட்டு, விடுப்பு நாட்களில் நிர்வாகி உரிமையால் அதைத் தாண்டிப் போனால், கொஞ்ச நாளில் விடுப்பு இல்லாத நாட்களிலும் தாண்டுவது பழகிவிடும். முன்கூட்டியே ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது. பணம், உள்நுழைவும் உரிமைகளும், டேட்டாபேஸின் அமைப்பை மாற்றுவது, எதையும் அழிப்பது, இவை நான்கும் மற்றவர் பார்க்காமல் போகவே கூடாது. தளமே நின்றுபோய் அவசரமாகத் திருத்த வேண்டியிருந்தால் போனில் திரையைப் பகிர்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். எழுத்துப் பிழை, பக்கத்தின் வண்ணம், உள் பயன்பாட்டு அறிக்கை போன்றவை முதலில் மெர்ஜ் ஆகட்டும். "பிறகு பார்க்க வேண்டியது" என்று குறி போட்டு வைத்தால், திரும்பி வந்தவர் முதல் நாள் காலையில் படித்துவிடுவார்.

இவ்வளவு செய்தும் சில பிழைகள் தப்பும். அதில் ஒரு வகை, இருவரும் நெடுநாள் சேர்ந்து வேலை செய்வதால் வருவது. ஒரே மாதிரி யோசிக்கப் பழகிவிடுகிறார்கள். ஒருவர் மறந்ததை மற்றவரும் மறக்கிறார். இதைக் கண்டுபிடிக்க வெளியே வந்த பிழைகளைத்தான் பின்தொடர வேண்டும். வாடிக்கையாளர் புகார் செய்த ஒவ்வொரு பிழைக்கும், அது எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று `git blame` கொண்டு தேடி, அன்றைய ரிவ்யூவைத் திறந்து பார்க்கலாம். அந்த மாற்றம் 900 வரியாக இருந்ததா? குறிப்புகள் எல்லாம் பெயர்களைப் பற்றியே இருந்தனவா? ஒரு குறிப்புகூட இல்லாமல் மூன்று நிமிடத்தில் ஒப்புதல் விழுந்ததா? அல்லது இருவருமே நியாயமாகப் பார்த்தும், கேட்கத் தோன்றாத ஒரு கேள்வியில் அது ஒளிந்திருந்ததா?

கடைசி வகையாக இருந்தால், அந்தக் கேள்வியை `REVIEW.md` என்ற கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்து, நிரலோடு சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். "நள்ளிரவைத் தாண்டும் பில்லுக்கு எந்தத் தேதி?", "பட்டியல் காலியாக இருந்தால்?", "ஒரு கடையின் ஊழியர் இன்னொரு கடையின் ஆர்டர் எண்ணைத் தட்டினால்?" என்று அந்தச் செயலியின் சொந்த அனுபவத்திலிருந்து வந்த கேள்விகள் அதில் சேரும். பொதுவாகக் கிடைக்கும் நாற்பது அம்சப் பட்டியல்களை நகலெடுத்து வைத்தால் இரண்டாவது வாரம் யாரும் திறக்க மாட்டார்கள். கோப்பு ஒரு பக்கத்தைத் தாண்டும்போது, இருவரும் உட்கார்ந்து, எந்தக் கேள்வியை இப்போது ஒரு டெஸ்டோ டேட்டாபேஸ் விதியோ கேட்டுக்கொள்ளும் என்று பார்த்து, அதைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம். மேலே சொன்ன இரட்டை வரவுக்கே, வாலட் வரவு அட்டவணையில் ஒரு ஆர்டர் எண் ஒருமுறைதான் வர முடியும் என்ற `UNIQUE` விதியைப் போட்டுவிட்டால், அடுத்த முறை யாராவது அந்த `if`-ஐ மறுபடி எழுதினாலும் இரண்டாவது வரவை டேட்டாபேஸே மறுத்துவிடும்.